உங்கள் ஆய்வேட்டில் ‘நீர்’ இருக்கிறதா?

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதி முடிக்கும் நிலையில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு,

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில், ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் ஏற்றும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். வைவா முடிந்து, மாலை மரியாதை முடிந்து, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்த பிறகு நீங்கள் வருகிற கடைசி மேசை அது. கையில் ஒரு பென் டிரைவ், நெறியாளர் கையெழுத்திட்ட படிவம், முகத்தில் அவசரம். “சார், எல்லாம் சரியா இருக்கு, ஏத்திட்டு அந்த ரசீத மட்டும் குடுத்துருங்க” என்பீர்கள். எல்லாம் சரியாக இருப்பதில்லை. அதை அந்த நேரத்தில் சொன்னால் எனக்கும் மனம் கேட்பதில்லை, உங்களுக்கும் காது கேட்பதில்லை. அதனால்தான் முன்கூட்டியே இந்த மடல்.

சோத்கங்கா என்பது காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வேட்டின் மின்படியைக் கொடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையோடு வந்தது. 2016, 2022 விதிமுறைகளிலும் அது தொடர்கிறது. ஆகவே ஏற்றுவதா வேண்டாமா என்பது பேச்சில்லை. ஏற்றிய பிறகு அதை யாராவது கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. தமிழ் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை, பாதிக் கேள்வி டி.டி.பி. கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பொதுவாகப் பேசினால் மண்டையில் ஏறாது. ஒரு கற்பனை ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: “பொருநைப் பாசன வழக்குச் சொற்கள் – ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்”. மருதூர் அணைக்கட்டுக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கீழே பாயும் கால்வாய்களையொட்டிய ஊர்களில் மடை, மதகு, கலிங்கு, கடைமடை என்று மக்கள் புழங்கும் சொற்களைத் திரட்டியிருக்கிறார் ஆய்வாளர். ஐந்து இயல், முந்நூறு பக்கம் அளவு. நல்ல உழைப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

கோப்பைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுவது. பத்து வினாடி வேலை. ஒட்டியதும் திரையில் ‘நீர்’ வர வேண்டிய இடத்தில் `ePh;` என்றும் ‘தமிழ்’ வர வேண்டிய இடத்தில் `jkpo;` என்றும் வந்தால் விஷயம் முடிந்தது. அது பாமினி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் செய்வது ஒரு வகை வேஷம். கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு `ePh;`. அச்சடித்துப் பைண்டிங் போட்டு அலமாரியில் வைக்கிற வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. களஞ்சியத்தில் ஏற்றியதும், ‘நீர்’ என்று தேடுகிறவருக்கு அந்த முந்நூறு பக்கத்தில் ஒரு சொட்டு நீர்கூடக் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கோப்பை ஒப்புமைச் சோதனை மென்பொருளுக்கு அனுப்பினால் பூச்சியம் விழுக்காடு என்று வந்து நிற்கும். ஆய்வாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த மென்பொருள் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடப் படிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

“கன்வர்ட்டர் வச்சு ஒருங்குறிக்கு மாத்திட்டேன் சார்” என்று வருகிறவர்களும் உண்டு. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் மாற்றியில் போட்டு எடுத்ததோடு வேலை முடிவதில்லை. முதலில், தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் தட்டியிருந்த சொற்களையும் மாற்றி பாமினி என்றே நினைத்துக்கொள்ளும். `map` என்று நீங்கள் எழுதியது ‘அயி’ ஆகிவிடும். துணைநூற்பட்டியலில் உள்ள ஆங்கில நூல்கள் முழுக்க உளறலாகிவிடும். எனவே ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்ற வேண்டும்.

அடுத்தது இதைவிட நுட்பமானது, கண்ணை ஏமாற்றுவது. பழைய எழுத்துருக்களில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றைக் கீழே வால் இல்லாமல், துணைக்காலின் மேல் புள்ளியோ கொக்கியோ வைத்துத் தட்டும் பழக்கம் இருந்தது. மேலே `ePh;` என்று பார்த்தோமே, அதில் `h` என்பது துணைக்கால். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றும்போது துணைக்கால் துணைக்காலாகவே ஒருங்குறிக்கு வந்துவிடும். ‘நீர்’ என்பது ‘நீா்’ ஆகும். ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசிாியா்’ ஆகும். ‘தெரியும்’ என்பது ‘தொியும்’ என்று ஆகும். சில மாற்றிகள் இதை ஊகித்துத் திருத்திவிடும், பல திருத்தாது. பொருநை ஆய்வேட்டில் ‘நீர்’ என்ற சொல் எத்தனை இடத்தில் வரும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் ‘நீா்’ என்று கிடந்தால், பாமினியிலிருந்து தப்பி வந்தும் பயனில்லை. தேடுகிறவர் வால் வைத்த ‘ர்’ போட்டுத்தான் தேடுவார்.

நல்ல வேளையாக இதைத் திருத்துவது எளிது. தமிழில் இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வரவே வராது. துணைக்காலுக்குப் பின் புள்ளியும் வராது. அப்படி வந்திருந்தால் அது பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆகவே ‘தேடி மாற்று’ வசதியில் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு மொத்தமாக மாற்றலாம், நல்ல சொல் எதுவும் கெடாது.

```
ா்   →  ர்
ாி   →  ரி
ாீ   →  ரீ
ொி  →  ெரி
ோி  →  ேரி
ோ்  →  ேர்
```

கடைசி மூன்று எதற்கு என்றால், முன்னால் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ இருக்கும்போது அது துணைக்காலோடு சேர்ந்துகொண்டு ‘தெரி’யை ‘தொி’ என்றும் ‘சேரி’யை ‘சோி’ என்றும் ஆக்கிவிடுகிறது. அதைப் பிரித்துவிடத்தான்.

இதோடு ‘ஔ’வையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டியிருப்பார்கள். ‘பௌத்தம்’ என்பதையும் ‘பெளத்தம்’ என்று கொம்பு, ள எனத் தனித்தனியே. சந்தேகம் வந்தால் அம்பு விசையை அழுத்திப் பாருங்கள். உண்மையான ‘ஔ’ என்றால் கர்சர் ஒரே தாவலில் கடந்துவிடும். இரண்டு தாவல் ஆனால் அது போலி.

சரி, இப்போது வேர்டில் எல்லாம் சுத்தமான ஒருங்குறி. அதை பி.டி.எஃப். ஆக்க வேண்டும். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பி.டி.எஃப். என்பது அடிப்படையில் தாளில் எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பு. ‘பொருநை’ என்ற சொல்லில் தாளில் முதலில் நிற்பது ஒற்றைக்கொம்பு, பிறகு ‘ப’, பிறகு துணைக்கால். சில மென்பொருள்கள் இந்த வரிசையிலேயே எழுத்துகளைக் கோப்பில் அடுக்கிவிடும். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ‘ெபாருைந’ என்று வரும். பார்ப்பதற்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். கொம்பு அந்தரத்தில் நிற்கும், சில எழுத்துருக்களில் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றும் தெரியும். ‘பொருநை’ என்று தேடினால் கோப்பு வாய் திறக்காது.

இதைக் குறைக்க வழி உண்டு. வேர்டில் அச்சிடும் கட்டளை வழியாக பி.டி.எஃப். பிரின்டருக்கு அனுப்பாதீர்கள். அந்த வழியில் வடிவம் மட்டும்தான் போகும், அடியில் உள்ள எழுத்து போகாது. `Save As` வழியாகச் சேமியுங்கள். அதிலுள்ள `Options` பொத்தானை அழுத்தினால் சில பெட்டிகள் வரும். `Document structure tags for accessibility` என்பதில் டிக் இருக்கட்டும். `PDF/A compliant` என்பதிலும் டிக் போடுங்கள். பழைய பதிப்புகளில் அது `ISO 19005-1 compliant (PDF/A)` என்று இருக்கும். `Bitmap text when fonts may not be embedded` என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், உள்ளே பொதிக்க முடியாத எழுத்துருவில் உள்ள பகுதிகளைப் படமாக மாற்றிவிடும். லிபரே ஆபிஸ் பயன்படுத்துகிறவர்கள் ஏற்றுமதிப் பெட்டியில் `PDF/A` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். என் அனுபவத்தில் தமிழ் எழுத்து வரிசையை அது ஓரளவு நன்றாகவே காப்பாற்றுகிறது. எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்தப் பத்து வினாடிச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

பி.டி.எஃப்./ஏ. என்பது நெடுங்காலம் பாதுகாப்பதற்கென்று வகுத்த வடிவம். முதல் பதிப்பு 2005இல் வந்தது. அதன் முக்கியமான நிபந்தனைகள் இரண்டு: எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது. இரண்டாவதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “யாராவது திருடிட்டா என்ன சார் செய்யறது” என்று கோப்பைப் பூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூட்டிய கோப்பை எங்களால் ஏற்ற முடியாது. பூட்டை உடைக்கும் வேலையும் எங்களுடையது அல்ல. உண்மையில் உங்கள் ஆய்வு உங்களுடையது என்பதற்குத் தேதியிட்ட பொதுப் பதிவைவிடப் பெரிய சாட்சி எது?

பி.டி.எஃப்./ஏ. சரிபார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, வெராபிடிஎஃப் அவற்றில் ஒன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. பாமினியில் அடித்த ஆய்வேடும் அந்தச் சோதனையில் தேறிவிடலாம். எழுத்துரு பொதிந்திருக்கிறதா, பூட்டு இல்லையா என்றுதான் அது பார்க்கும். `ePh;` என்பது தமிழாக இருக்க வேண்டியது என்று அதற்கு யார் சொல்வது? ஆகவே அந்தப் பச்சை டிக்கை நம்பி நோட்பேடைக் கைவிட வேண்டாம். கட்டளைவரி பழக்கம் உள்ளவர்கள் மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் பார்க்கலாம்:

```
pdffonts thesis.pdf
pdftotext -enc UTF-8 thesis.pdf thesis.txt
```

முதல் கட்டளை எழுத்துருப் பட்டியலைத் தரும். அதில் `emb` என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் `yes` இருக்க வேண்டும். பாமினி என்ற பெயர் எங்காவது ஒளிந்திருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் அட்டவணைத் தலைப்புகளிலும் வரைபடக் குறிப்புகளிலும் ஒளிந்திருக்கும். இரண்டாவது கட்டளை, களஞ்சியத்தின் தேடுபொறி உங்கள் ஆய்வேட்டை எப்படி வாசிக்கும் என்பதைக் காட்டும். அந்த உரைக்கோப்பைத் திறந்து ‘மடை’ என்று தேடுங்கள். கிடைத்தால் உங்கள் கோப்பு பேசுகிறது.

எவ்வளவு பார்த்தாலும் தமிழ் பி.டி.எஃப். முழுமையாகப் பேசாமல் போகலாம் என்பதே நிலவரம். அதனால்தான் மேல்தரவுப் பெட்டிகள் நமக்குக் கூடுதல் முக்கியம். ஆங்கில ஆய்வேட்டில் திறவுச்சொல் சரியாகப் போடாவிட்டாலும் உள்ளே உள்ள உரை அதைக் காப்பாற்றிவிடும். தமிழ் ஆய்வேட்டுக்கு அந்தத் துணை உறுதியில்லை. தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் என்ற மூன்று பெட்டிகள்தான் பல நேரங்களில் உங்கள் ஆய்வேட்டின் ஒரே வாசல்.

தலைப்பில் ஆரம்பிக்கிறேன். “முனைவர் பட்டத்திற்காக அளிக்கப்பெறும் ஆய்வேடு” என்பது தலைப்பு அல்ல. அதைச் சேர்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்த் தலைப்பைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பை மாற்றுத் தலைப்புப் பெட்டியில் எழுதுங்கள். அந்தப் பெட்டியின் பெயர் `dc.title.alternative`. தமிழ்த் தலைப்பையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, அதையும் உங்களுக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் போட்டு, அதோடு விட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு தலைப்பை யாரும் தேடமாட்டார்கள்.

நம் கற்பனை ஆய்வேட்டின் தலைப்பில் ‘ஸ்ரீ’ இருக்கிறது. அது ஒரு வம்பு. ஒருங்குறியில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம். பெரும்பாலான விசைப்பலகைகள் ‘ஸ’வை வைத்து எழுதுகின்றன. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, அதை வைத்து எழுதும் முறையும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. எதைப் போட்டாலும் மற்றதைப் போட்டுத் தேடுகிறவர் ஏமாறுவார். இதற்கு நான் கண்ட வழி, தலைப்பில் நீங்கள் எழுதியபடி இருக்கட்டும், திறவுச்சொல்லில் ‘திருவைகுண்டம்’ என்பதையும் ஆங்கிலத்தில் `Srivaikuntam` என்பதையும் சேர்த்துவிடுவது. ஊர்க்காரர்கள் எழுதுகிற பெயர்களில் இரண்டுமே உண்டு.

திறவுச்சொற்கள் என்றதும் எனக்கு வருகிற பட்டியல் இது: தமிழ், இலக்கியம், ஆய்வு, சொற்கள், மக்கள். தமிழ்த்துறை ஆய்வேடு என்பது துறையின் பெயரிலேயே இருக்கிறது. ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ‘ஆய்வு’ என்று போடுவது, மீன் சந்தையில் ‘மீன்’ என்று பலகை வைப்பது போல. யார் இதைத் தேடுவார், என்ன சொல்லைத் தட்டித் தேடுவார் என்று யோசியுங்கள். பொருநை ஆய்வேட்டைத் தமிழ் மாணவர் மட்டுமா தேடுவார்? பாசன வரலாறு எழுதுகிறவர் தேடுவார், நீர்வளத்துறைப் பொறியாளர் தேடலாம், வெளிநாட்டிலிருந்து நீர் மேலாண்மை பற்றி எழுதுகிறவரும் தேடலாம். அவர் ‘பொருநை’ என்று தட்டமாட்டார். ஆற்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலேயே மூன்று நான்கு வழக்கு இருக்கிறது. ஆகவே பட்டியல் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

```
பொருநை; தாமிரபரணி; திருவைகுண்டம்; வட்டார வழக்கு;
பாசனச் சொற்கள்; குளப்பாசனம்; ஏரி; மடை
Thamirabarani; Tamiraparani; Tambraparni; Srivaikuntam;
Tamil dialect; irrigation terms; tank irrigation
```

இதில் ‘ஏரி’யைப் பார்த்து நெல்லைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பக்கம் ‘குளம்’ என்றுதான் சொல்வார்கள், மதுரைப் பக்கம் ‘கண்மாய்’. ஆய்வேட்டுக்குள் ஓரிடத்தில்கூட ‘ஏரி’ என்ற சொல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் செங்கல்பட்டிலோ வேலூரிலோ இருந்து தேடுகிறவர் ‘ஏரிப் பாசனம்’ என்றுதான் தட்டுவார். திறவுச்சொல் பட்டியல் உங்கள் நடைக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. தேடுகிறவர் கைக்கு எட்டினால் போதும். அதற்காக ஐம்பது சொற்களைக் கொட்டவும் வேண்டாம். ஆய்வேடு உண்மையிலேயே பேசாத பொருளைத் திறவுச்சொல்லில் போடுவது, பெயர்ப்பலகையில் பிரியாணி என்று எழுதிவிட்டு உள்ளே தயிர்சோறு வைப்பதுதான்.

அடுத்தது ஆய்வுச் சுருக்கம். எனக்கு வருகிற சுருக்கங்களில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கும்: “இவ்வாய்வேடு முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் இயல் திருவைகுண்டம் வட்டாரத்தின் வரலாற்றையும் அமைப்பையும் கூறுகிறது. இரண்டாம் இயல் பாசன முறைகளை விளக்குகிறது…” இது பொருளடக்கத்தை வாக்கியமாக்கியது. பொருளடக்கத்துக்குத் தனிக்கோப்பே இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் வாசித்தவருக்கு, ஆய்வாளர் என்ன கேட்டார், எதை வைத்துப் பார்த்தார், என்ன கண்டார், எங்கே நிறுத்திக்கொண்டார் என்று தெரிந்தால் போதும். அதே கற்பனை ஆய்வேட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“அணைக்கட்டுப் பாசனத்தில் ஷட்டர்களும் சிமெண்ட் வாய்க்கால்களும் வந்த பிறகு, பாசனம் தொடர்பான வழக்குச் சொற்களில் எவை நிலைத்தன, எவை வழக்கொழிந்தன என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் பாசனப் பகுதியில் 12 ஊர்களில் விவசாயிகளிடமும் நீர் பாய்ச்சுபவர்களிடமும் நேர்காணல் வழியாகச் சொற்கள் திரட்டப்பட்டன. மடை, மதகு போன்ற கட்டுமானப் பெயர்கள் எல்லாத் தலைமுறையினரிடமும் வழங்குகின்றன. நீரைப் பங்கிடும் முறையையும் நேர அளவையும் குறிக்கும் சொற்கள் மூத்தவர்களிடம் மட்டுமே எஞ்சியுள்ளன. பங்கீடு ஊராரின் கையிலிருந்து நீங்கிய இடங்களில் இந்த இழப்பு மிகுதி. கடைமடை ஊர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.”

ஊர் எண்ணிக்கையும் முடிவும் நான் விளக்கத்துக்காகப் புனைந்தவை. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். ‘மதகு’, ‘மருதூர்’, ‘நீர்’, ‘பங்கீடு’ எல்லாம் இயல்பாகவே உள்ளே வந்துவிட்டன. கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குவார்கள், குறையைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமோ என்று. அடுத்து அதே ஆற்றில் இறங்குகிற ஆய்வாளருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் அதிகம் உதவும், கடைமடை இன்னும் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதே சுருக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதிக் கொண்டுவாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘மடை’ என்னவாக வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு நீங்களே எழுதுங்கள்.

சுருக்கத்தை பி.டி.எஃப்.இலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டாம் என்பது ஒரு சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு வரி முடிவும் பெட்டிக்குள் தனி வரியாக வந்து விழும், மேற்கோள்குறிகள் உருமாறும். ஏற்கெனவே ஏறிய பதிவுகளில் வாக்கியத்துக்கு நடுவே `newline` என்றும் `quot` என்றும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆய்வுச் சொற்கள் அல்ல, இப்படி ஒட்டியதன் எச்சம். நோட்பேடில் ஒரே பத்தியாக, நேர் மேற்கோள்குறி இல்லாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பெட்டிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தேதிகள் மூன்று: பதிவு செய்த தேதி, ஆய்வேடு முடித்த தேதி, பட்டம் வழங்கிய தேதி. நான் ஏற்றுகிற தேதி இதில் எதுவும் அல்ல. பக்க எண்ணிக்கையில் முன்பக்கங்களின் ரோமன் எண்ணும் சேரும். பெயர்தான் கொஞ்சம் கவனம் கேட்கிறது. குடும்பப் பெயர், இயற்பெயர் என்று பிரித்துக் கேட்கும் பெட்டிக்கு நம் முதலெழுத்து முறை பொருந்துவதில்லை. உங்கள் பெயர் முதல் பெட்டியிலும் முதலெழுத்து அடுத்ததிலும் போனால் சரியாக வரும். கட்டுரைகளில் எப்படி எழுதினீர்களோ அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். நெறியாளர் பெயரையும் அவருடைய மற்ற மாணவர்களின் பதிவில் எப்படி இருக்கிறதென்று பார்த்து அப்படியே எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே நெறியாளர் பட்டியலில் மூன்று பேராக நிற்பார்.

கோப்பை இயல்வாரியாகப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் ஆய்வேட்டுக்கு அது இப்படி வரும்:

```
01_title.pdf
02_prelim pages.pdf
03_content.pdf
04_abstract.pdf
05_chapter 1.pdf  …  09_chapter 5.pdf
10_annexures.pdf
80_recommendation.pdf
```

எண்பது என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் சேர்த்த கோப்பு அது. பிரிக்கும்போது, தேவையான பக்கங்களை மட்டும் மறுபடி அச்சிட்டு பி.டி.எஃப். ஆக்கினால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எழுத்து வரிசை அங்கே போய்விடும். பக்கங்களை அப்படியே வெட்டித் தருகிற கருவியைப் பயன்படுத்துங்கள்:

```
qpdf thesis.pdf --pages . 15-62 -- "05_chapter 1.pdf"
```

இதில் 15 என்பது கோப்பின் பக்க எண், தாளில் அச்சான எண் அல்ல. முன்பக்கங்கள் பதினான்கு இருந்தால், தாளில் ‘1’ என்று இருப்பது கோப்பில் பதினைந்தாவது பக்கம். இதைக் கவனிக்காமல் வெட்டிய ஆய்வேடுகளில் முதல் இயல் தலைப்புப் பக்கத்தில் தொடங்கி, பாதி வாக்கியத்தில் முடியும். கையெழுத்திட்ட சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேருங்கள். அந்த ஒரு பக்கத்துக்காக ஆய்வேடு முழுவதையும் ஸ்கேன் செய்து கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். அது முழுக்கப் படம், அதில் ஓர் எழுத்தும் இல்லை.

பின்னிணைப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நாட்டார் வழக்காற்றியல், வட்டார வழக்கு ஆய்வேடுகளில் தகவலாளர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். பெயர், வயது, ஊர், சாதி, தொழில், கைபேசி எண், சில நேரம் புகைப்படம். துறை நூலகத்தில் ஒரு படி இருந்த காலத்தில் அதைப் பார்ப்பவர் நாலு பேர். களஞ்சியத்தில் ஏறிய பின் அது உலகத்துக்கே திறந்து கிடக்கும். வாய்க்கால் தகராறில் எந்தச் சாதிக்காரர் முதலில் நீரை மறித்தார் என்று ஒரு பெரியவர் உங்களை நம்பிச் சொல்லியிருப்பார். இயலில் அவர் சொன்னது இருக்கும், பின்னிணைப்பில் அவர் கைபேசி எண் இருக்கும். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு பின்னிணைப்பைத் திருப்பி அனுப்பிய போது, “வைவாவுல யாருமே கேக்கலையே சார்” என்றார் ஆய்வாளர். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். களஞ்சியத்துக்குக் கொடுக்கும் படியில் தகவலாளர்களை எண்ணிட்டுக் குறியுங்கள். வயது, பாலினம், தொழில் இருந்தால் ஆய்வுக்குப் போதும். முழுப் பட்டியல் தேவையென்றால் நெறியாளரிடம் இருக்கட்டும். ஏற்றும் படியும் அச்சுப் படியும் இந்த ஓரிடத்தில் வேறுபடும் என்பதை நெறியாளரின் ஒப்புதலோடு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர் சொல்லி நன்றி கூற வேண்டியவர்கள் அதற்குச் சம்மதித்திருந்தால், நன்றியுரையில் எழுதுங்கள். அது அழகு.

எல்லாம் ஏறி முடிந்ததும் உங்கள் ஆய்வேட்டுக்கு `hdl.handle.net/10603/` என்று தொடங்கி ஓர் எண் வரும். முகவரிப் பட்டையில் நீளமாகத் தெரிகிற மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த எண்ணையே மேற்கோள் காட்டுங்கள், களஞ்சியம் இடம் மாறினாலும் அது மாறாது. ஆனால் அந்த எண் வந்த பிறகு தலைப்பில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்றாலும், நீங்கள் எனக்கு எழுதி, நான் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லி, அவர் மேலே சொல்லி என்று போகும். ஏற்றுவதற்கு முன்னால் திருத்துவது அரை நிமிடம்.

ஆகவே வைவாவுக்குத் தேதி குறித்ததும், இனிப்புக்குச் சொல்லி வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் வந்து போங்கள். முழுக் கோப்பு ஒன்றும், தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் மூன்றும் இரண்டு மொழியிலும் எழுதிய உரைக்கோப்பு ஒன்றும் போதும். செவ்வாய், வியாழன் பிற்பகலில் மேசையில் கூட்டம் இருக்காது. நோட்பேடைத் திறந்து ‘நீர்’ வருகிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆய்வேடு ஏற்றும் மேசையிலிருந்து ஒரு நூலகர்